பட்டியலில் பெயர் இல்லை: மேன்முறையீட்டில் எதை எழுதுவது?

இலங்கையில் தரம் 1 அனுமதிக்கான தற்காலிகப் பெயர்ப்பட்டியல் பாடசாலை வாசலில் ஒட்டப்படும் நாளில், பிள்ளையின் பெயரைக் காணாத பெற்றோர் பலர் நேரே அதிபரின் அறைக்குப் போகிறார்கள். வீட்டுக் கஷ்டத்தைச் சொல்கிறார்கள். அதிபர் பொறுமையாகக் கேட்பார். ஆனால் அங்கே சொல்வது எதுவும் புள்ளியை மாற்றாது. புள்ளியை மாற்றக்கூடியது எழுத்துமூல மேன்முறையீடு. அதற்குத் தரப்படும் காலம் பெரும்பாலும் இரண்டு வாரம். கடைசித் திகதி பட்டியலோடு அறிவிக்கப்படும். முதலில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அனுமதி நடப்பது கல்வி அமைச்சு வெளியிடும் சுற்றறிக்கையின்படி. அதன் எண்கள் காலத்துக்குக் காலம் திருத்தப்படுவதால், உங்கள் ஆண்டுக்குரிய பிரதியைக் கையில் வைத்திருக்க வேண்டும். இடங்களில் ஏறத்தாழப் பாதி பாடசாலைக்கு அருகில் வசிப்போருக்கும், கால்வாசி பழைய மாணவரின் பிள்ளைகளுக்கும் போகும். மீதி, ஏற்கெனவே அங்கே படிப்போரின் சகோதரர், கல்வித்துறை ஊழியரின் பிள்ளைகள் போன்ற சிறிய பிரிவுகளுக்கு. ஒவ்வொரு பிரிவிலும் அதற்குள்ளேதான் போட்டி. அருகில் வசிப்போர் பிரிவில் விண்ணப்பித்தவர், வேறொரு பிரிவில் குறைந்த புள்ளிக்கு இடம் கிடைத்ததைக் காட்டிப் பயனில்லை.

அதிகம் பிழைபடுவது அருகில் வசிப்போர் பிரிவுதான். வாக்காளர் இடாப்பில் தொடர்ச்சியாகப் பெயர் இருப்பதற்கும், வீட்டு உறுதி, வாடகை ஒப்பந்தம், மின்கட்டணப் பட்டியல் போன்றவற்றுக்கும் தனித்தனிப் புள்ளிகள் உண்டு. பெரும்பங்கு தூரத்துக்கு. நீண்டகாலமாக வழக்கில் இருந்த முறையில் அதற்கு 50 புள்ளி. வீட்டை மையமாக வைத்து, விண்ணப்பித்த பாடசாலை வரையிலான நேர்கோட்டுத் தூரத்தை ஆரமாகக் கொண்டு வரைபடத்தில் ஒரு வட்டம் போடுவார்கள். அந்த வட்டத்துக்குள் ஆரம்பப் பிரிவுள்ள வேறு அரச பாடசாலைகள் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் 5 புள்ளி கழியும். கிட்டவே ஒரு பாடசாலை இருக்க, ஏன் தூரத்துக்கு வருகிறீர்கள் என்பதுதான் இதன் நியாயம்.

அந்த நியாயத்துக்குள்ளேயே ஒரு நிபந்தனையும் இருக்கிறது. உங்கள் பிள்ளையைச் சேர்க்க முடிந்த பாடசாலைக்கு மட்டுமே புள்ளி கழிக்கலாம்.

கொழும்பில் தமிழ் மொழிமூலம் படிக்கப்போகும் ஒரு பெண்பிள்ளையை எண்ணிப்பாருங்கள். அவளுடைய வட்டத்துக்குள் நான்கு பாடசாலைகள் எண்ணப்பட்டு 20 புள்ளி கழிந்திருக்கிறது. தூரத்துக்குக் கிடைத்தது 30. தாய் பெயர்களை எடுத்துப் பார்க்கிறார். ஒன்று ஆண்கள் பாடசாலை. இரண்டில் சிங்கள மொழிமூலம் மட்டுமே உண்டு. மிச்சம் ஒன்றுதான். ஆக, கழிய வேண்டியது 5, கிடைக்க வேண்டியது 45. தெரிவான கடைசிப் பிள்ளைக்கும் இவளுக்கும் வித்தியாசம் 8 புள்ளி என்றால், இந்த 15 புள்ளியே அவளை உள்ளே கொண்டுவந்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க, உங்களுக்குப் போட்ட புள்ளியின் விபரம் தேவை. நேர்முகத்தின்போது புள்ளித்தாளைக் காட்டிக் கையொப்பம் வாங்குவார்கள். பதற்றத்தில் பார்க்காமல் கையெழுத்து வைத்துவிடுபவர்கள்தான் அதிகம். ஒவ்வொரு தலைப்பின் கீழும் என்ன விழுந்தது, எந்தெந்தப் பாடசாலைக்குக் கழித்தார்கள் என்பதை அங்கேயே ஒரு கடதாசியில் எழுதிக்கொள்ளுங்கள். தவறவிட்டவர்கள் அதிபரிடம் எழுத்தில் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அதில் முடிவெடுக்கவே 14 வேலைநாள் வரை அவகாசம் உண்டு. பதில் வரட்டும் என்று மேன்முறையீட்டைத் தள்ளிப்போட்டால் திகதி கடந்துவிடும்.

கடிதம் ஒரு பக்கம் போதும். விண்ணப்பித்த பிரிவு, போட்ட புள்ளி, போட்டிருக்க வேண்டிய புள்ளி, சுற்றறிக்கையின் எந்தப் பந்தி, நேர்முகத்தில் கொடுத்த எந்த ஆவணம். தூரம் சம்பந்தப்பட்டதென்றால், வட்டம் வரைந்த வரைபடத்தையும் இணைத்துப் பதிவுத்தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். நேர்முகத்தில் காட்டாத புது ஆவணத்தை இப்போது கொண்டுபோனால் பொதுவாக ஏற்கமாட்டார்கள். அன்று கொடுத்ததைச் சரியாகக் கணக்கிட்டார்களா என்பதையே மேன்முறையீட்டுக் குழு பார்க்கிறது. அது நேர்முகம் நடத்திய குழு அல்ல, வேறு குழு. அதனால் முன்பு நடந்த வாக்குவாதத்தைக் கடிதத்தில் இழுக்க வேண்டாம்.

இறுதிப் பட்டியலிலும் பெயர் இல்லை, பிழையும் அப்படியே இருக்கிறது என்றால், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போடலாம். பாடசாலை அனுமதி பற்றிய இத்தகைய வழக்குகள் அங்கே புதிதல்ல. உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் மனு போகவேண்டும். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. வழக்குச் செலவுக்கு உடனே வழியில்லாத குடும்பங்கள் ஆணைக்குழுவுக்கு முதலில் போவது இதனால்தான்.