அடைப்பு இல்லாத நெஞ்சுவலி

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்தில் இதயக் கோளாறு என்றால் பலரும் திருவனந்தபுரத்துக்குத்தான் வண்டி ஏறுகிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரியும் ஸ்ரீ சித்திரா திருநாள் நிலையமும் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. அப்படிப் போகும் ஒரு பெண்ணை எண்ணிப் பார்ப்போம். வயது 52. மாடிப்படி ஏறினால் ஒன்றும் இல்லை. விடியற்காலை நான்கு மணிக்கு மட்டும் நெஞ்சை அழுத்திப் பிடிக்கிறது, பத்து நிமிடத்தில் விட்டுவிடுகிறது. மருத்துவமனைக்குப் போவதற்குள் இசிஜி சீராகிவிடுகிறது. ஆஞ்சியோகிராமிலும் அடைப்பு இல்லை. ‘கேஸா இருக்கும், டென்ஷன் வேண்டாம்’ என்று அனுப்பிவிடுகிறார்கள்.

அந்தப் படம் பொய் சொல்லவில்லை. ஆனால் ஏறக்குறைய அரை மில்லிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள குழாய்களே அதில் தெரியும். இதயத் தசைக்குள் இறங்கும் நுண்குழாய்கள் தெரியாது. எடுக்கும் அந்த நேரத்து நிலைதான் பதிவாகும். விடியலில் இறுகித் தளர்ந்த பெரிய குழாய் பகலில் விரிந்தே இருக்கும். இந்த இறுக்கத்தை 1959இல் பிரின்ஸ்மெட்டல் என்ற அமெரிக்க மருத்துவர் விவரித்தார். நுண்குழாய்க் கோளாறோ பெண்களிடம், அதிலும் மாதவிடாய் நின்றபின், அதிகம் காணப்படுகிறது.

கண்டுபிடிக்க வழி உண்டு. கேத் லேபிலேயே இதயக் குழாய்க்குள் அசெட்டில்கோலின் மருந்தைச் சிறுகச் சிறுக, முதலில் 20 மைக்ரோகிராம், பிறகு 50, 100 என்று செலுத்துகிறார்கள். உள்சுவர் நலமாக இருந்தால் குழாய் விரியும். அதே வலி வந்து, இசிஜி மாறி, பெரிய குழாய் 90 சதவீதத்துக்கு மேல் சுருங்கினால் அது இறுக்கம். வலியும் மாற்றமும் வந்தும் பெரிய குழாய் அவ்வளவு சுருங்கவில்லை என்றால், இறுக்கம் நுண்குழாய்களில். நைட்ரோகிளிசரின் கொடுத்துச் சுருக்கத்தைத் தளர்த்துகிறார்கள். நுண்குழாய் விரிய மறுக்கிறதா என்பதை, உணரி பொருத்திய மெல்லிய கம்பியும் அடினோசினும் கொண்டு தனியே அளக்கிறார்கள். எல்லா கேத் லேபிலும் இவை நடப்பதில்லை. சோதனையின்போது இதயத்துடிப்பு மந்தமாகலாம் என்பதால் பழகிய கை வேண்டும்.

பெயர் தெரிந்தால் மாத்திரை மாறும். இறுக்கத்துக்கு டில்டியாசெம் போன்ற கால்சியம் தடுப்பிகள். அங்கே புரோப்ரனலால் வலியைக் கூட்டக்கூடும். விரிய மறுக்கும் நுண்குழாய்க்குப் பீட்டா தடுப்பிகளே பலருக்கும் உதவுகின்றன. ஸ்காட்லாந்தில் 151 பேரிடம் நடந்து 2018இல் வெளியான கார்மிகா ஆய்வில், சோதித்துப் பார்த்து அதற்கேற்ப மருந்து பெற்றவர்களுக்கு ஆறு மாதத்தில் வலி கூடுதலாகக் குறைந்திருந்தது.

ஆகவே அந்தப் பெண் மருத்துவரிடம் எடுத்துப் போக வேண்டியது நேரக் குறிப்பு: எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், நாக்கடியில் வைத்த சார்பிட்ரேட் கேட்டதா. கேட்கவில்லை என்பதால் அது இதய வலியே இல்லை என்று தள்ளக்கூடாது; நுண்குழாய் வலி பல நேரம் அதற்கு மசியாது. வலிக்கும்போதே எடுத்த ஓர் இசிஜி கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. மருந்து பிடித்துத் தூக்கம் திரும்பியதும், ‘இனி எதற்கு’ என்று டில்டியாசெமைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் இறுக்கம் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பலாம், மாரடைப்பு வரைகூடப் போகலாம்.