‘இன்பாக்ஸ் வாங்க’: ஒரு தோட்டக் குழுவின் விதிகள்

ஃபேஸ்புக்கில் இருபதாயிரம் பேர் உள்ள ஒரு மாடித்தோட்டக் குழுவை எடுத்துக்கொள்வோம். அங்கே செடியைப் பற்றிச் சண்டை வருவது குறைவு. விதை விற்பனை, காலை வணக்கப் படம், ‘இதுகூடத் தெரியாமலா செடி வளர்க்க வந்தீங்க?’ என்று புதியவரை மட்டம் தட்டுவது ஆகிய மூன்றில்தான் பிரச்சினை தொடங்கும். பொறுத்துப் பார்த்த அட்மின் ஒருநாள் எழுதிவிடுவார்: ‘அனைவரும் நாகரிகமாக நடந்துகொள்ளவும். விளம்பரம் கூடாது.’

அது விதி அல்ல, வேண்டுகோள். ஒருவர் மிச்சமிருக்கும் கொத்தவரை விதையைத் தபால் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு தருகிறேன் என்கிறார். இது விளம்பரமா? ஒரு அட்மின் ஆமென்பார், இன்னொருவர் இல்லையென்பார். நீக்கப்பட்டவர் ‘அவருக்கு மட்டும் அனுமதியா?’ என்று கேட்பார், அதில் நியாயமும் இருக்கும்.

விதி என்றால் கண்ணால் பார்த்து ஆம், இல்லை என்று சொல்ல முடிகிற செயலைச் சொல்ல வேண்டும். ‘தபால் செலவுக்கு மேல் பணம் கேட்டால் அது விற்பனை. விற்பனை ஞாயிற்றுக்கிழமைப் பதிவின் கீழ் மட்டும். மற்ற நாளில் வந்தால் நீக்குவோம்.’ செயல், இடம், விளைவு மூன்றும் இதில் வந்துவிடுகின்றன. நாகரிகத்தையும் இப்படியே இறக்கி எழுதலாம்: ‘செடியைக் குறை சொல்லலாம், வளர்ப்பவரைக் குறை சொல்லக் கூடாது.’ விக்கிப்பீடியாவின் ஆங்கிலப் பதிப்பு, ஒருவர் திருத்தியதை மற்றவர் மாறி மாறி அழிக்கும் சண்டைக்கு எண்ணிலேயே கோடு போட்டிருக்கிறது. ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் பிறர் திருத்தத்தைத் திருப்பினால் விதிமீறல்.

எச்சரிக்கைக்கும் அங்கே நான்கு படிகள் உண்டு. முதல் படி, அவர் தெரியாமல் செய்திருப்பார் என்று எடுத்துக்கொண்டு எழுதுவது. போகப்போகத் தொனி இறுகும்; நான்காவது, கடைசி எச்சரிக்கை. அதற்குப் பிறகும் தொடர்ந்தால் தடை.

தோட்டக் குழுவுக்கு இதில் பாதி போதும். செவ்வாய்க்கிழமை ஒருவர் தக்காளி நாற்று விற்பனைப் பதிவு போடுகிறார். அட்மின் அதை நீக்கிவிட்டுத் தனிச்செய்தி அனுப்புகிறார்: ‘வணக்கம் அக்கா, உங்கள் நாற்றுப் பதிவை விதி 3-ன்படி எடுத்திருக்கிறோம். ஞாயிறு காலை விற்பனைப் பதிவு வரும், அதில் தாராளமாகப் போடுங்கள். இது நினைவூட்டல்தான்.’ விதி எண், என்ன நடந்தது, இனி எங்கே போடலாம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். மறுவாரம் அதே நபர் பதிவு போடவில்லை. இன்னொருவரின் தக்காளிப் படத்துக்குக் கீழே ‘நாற்று வேணும்னா இன்பாக்ஸ் வாங்க’ என்று எழுதுகிறார்.

இங்கேதான் பல அட்மின்கள் தவறுகிறார்கள். கருத்துப் பெட்டியும் இன்பாக்ஸ் அழைப்பும் விதியில் இல்லை. ஓட்டை விதியில் இருக்கும்போது உறுப்பினரை எச்சரிப்பது முறையல்ல. ‘பதிவு, கருத்து, இன்பாக்ஸ் அழைப்பு எதுவானாலும்’ என்று விதியைத் திருத்தி, திருத்திய தேதியுடன் எல்லோருக்கும் அறிவிக்க வேண்டும். அதற்குப் பிறகும் செய்தால் முதல் எச்சரிக்கை. அடுத்தது ஏழு நாள் எழுதத் தடை, அதற்கும் அடுத்தது நீக்கம். தொண்ணூறு நாள் ஒழுங்காக இருந்தால் பழைய எச்சரிக்கையை அழித்துவிடலாம்.

பணமோசடி, மிரட்டல், ஆபாசம், இன்னொருவரின் தொலைபேசி எண்ணை அனுமதியின்றிப் போடுவது ஆகியவற்றுக்கு இந்தப் படிகள் கிடையாது, நேராக நீக்கம். அதையும் விதிப் பதிவிலேயே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும்.

குழு எங்கே நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். டெலிகிராமில் ஒருவரை மட்டும் குறிப்பிட்ட காலம் எழுதவிடாமல் நிறுத்தலாம். 1,024 பேர் வரை சேரக்கூடிய வாட்ஸ்அப் குழுவில் அட்மின் பிறர் செய்தியை அழிக்கலாம், ஆளை வெளியேற்றலாம்; ஒருவர் வாயை மட்டும் ஒரு வாரம் அடைக்க வழியில்லை. அங்கே ஏழு நாள் தடை என்று எழுதினால் அதை நடத்த முடியாது. அந்தப் படியை விட்டுவிட்டு, இரண்டாம் எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்வதே சரி.

இத்தனையும் நிற்பது ஒரு சாதாரணப் பட்டியலின் மேல்தான்: பெயர், தேதி, விதி எண், அழிக்கும் முன் எடுத்த ஸ்கிரீன்ஷாட், முடிவெடுத்த அட்மின். அது இல்லாவிட்டால் பத்து வருடமாகக் குழுவில் இருக்கும் பெரியவருக்கு ஆறு முறை நினைவூட்டலும், நேற்று வந்தவருக்கு உடனே நீக்கமும் கிடைக்கும். யாரும் வேண்டுமென்று செய்யாமலே அது நடந்துவிடும். வளர்ப்பவரைக் குறை சொல்லக் கூடாது என்ற விதியை அடிக்கடி மீறுவது பெரும்பாலும் அந்தப் பெரியவர்தான். எழுதிவைத்தால் அவருடைய கணக்கும் தெரியும். சண்டையில் தானே பேசிய அட்மின் அந்தச் சண்டைக்குத் தீர்ப்பு சொல்லக் கூடாது. நீக்கம் என்றால் இரண்டு அட்மின்கள் ஒப்ப வேண்டும்.

உங்கள் குழுவில் விதிப் பதிவு இருந்தால் இன்றைக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். ‘நாகரிகம்’, ‘தேவையற்ற’, ‘பொருத்தமான’ என்ற சொற்கள் எங்கெல்லாம் வருகின்றனவோ, முதலில் அந்த வரிகளைத் திருத்துங்கள்.