இதற்குத் தள்ளுபடி, அதற்கு இல்லை: மருந்துக் கடைக்காரரின் கணக்கு

மாமனாரின் சர்க்கரை மாத்திரையும் குழந்தையின் இருமல் சிரப்பும் ஒரே கடையில் வாங்குகிறோம். சிரப்புக்குப் பத்து சதவீதம் கழித்துக் கொடுக்கிற கடைக்காரர், மாத்திரை அட்டையைக் காட்டி, "இதுக்குக் கட்டுப்படி ஆகாதும்மா" என்கிறார். ஆளைப் பார்த்து விலை சொல்கிறாரோ என்று நமக்குச் சந்தேகம் வருவது இயல்புதான். ஆனால் அவருடைய கொள்முதல் பில்லைப் பார்த்தால் சங்கதி விளங்கிவிடும்.

அத்தியாவசிய மருந்துகள் என்று அரசாங்கம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம், காய்ச்சலுக்கான பாரசிட்டமால் 500 எல்லாம் அதில் உண்டு. இவற்றுக்கு 2013-ஆம் வருஷத்து மருந்து விலைக் கட்டுப்பாட்டு உத்தரவுப்படி ஓர் உச்ச விலை கட்டுகிறார்கள். சந்தையில் ஒரு சதவீதமாவது விற்கும் கம்பெனிகள் அந்த மருந்தைக் கடைக்காரருக்கு என்ன விலையில் தருகின்றன என்று பார்த்து, சராசரி எடுத்து, அதன் மேல் 16 சதவீதம் கடைக்காரர் லாபமாகக் கூட்டுகிறார்கள். அவ்வளவுதான் உச்சவரம்பு. அதற்கு மேல் ஜி.எஸ்.டி.

சுலபமாக இருக்கட்டும் என்று நூறு ரூபாயை வைத்தே பார்ப்போம். மொத்த வியாபாரி ஓர் அட்டையை 100 ரூபாய்க்குத் தருகிறார். அதோடு 16 சேர்த்தால் 116. ஐந்து சதவீத வரி 5 ரூபாய் 80 காசு. ஆக, அட்டையில் அச்சாகும் விலை 121 ரூபாய் 80 காசு. வரி அரசாங்கத்துக்குப் போய்விடும். கடைக்காரர் கையில் நிற்பது 16 ரூபாய். இதில்தான் கடை வாடகை, கரண்ட், பையன் சம்பளம் எல்லாம்.

இப்போது நாம் பத்து சதவீதம் குறைக்கச் சொல்கிறோம். விலை 109 ரூபாய் 62 காசாகிறது. அதற்குள் இருக்கும் வரியைக் கழித்தால் 104 ரூபாய் 40 காசு. பதினாறு ரூபாய் லாபம் நாலு ரூபாய் நாற்பது காசாகச் சுருங்கிவிட்டது! நாம் கேட்டதென்னவோ பத்தில் ஒரு பங்கு. அவருக்குப் போவது லாபத்தில் முக்கால்வாசி.

பல மருந்துகள் கலந்த இருமல் சிரப்புகள் அநேகமாக அந்தப் பட்டியலில் வராது. அவற்றுக்கு உச்சவரம்பு கிடையாது. வருஷத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் விலையை ஏற்றக் கூடாது என்பது மட்டுமே கட்டுப்பாடு. வியாபார வழக்கப்படி, வரி நீங்கலாக 100 ரூபாய் விலையுள்ள சிரப் கடைக்காரருக்கு 80 ரூபாய்க்குக் கிடைக்கும். பத்து சதவீதம் குறைத்தாலும் அவருக்குப் பத்து ரூபாய் மிஞ்சுகிறது. அதனால்தான் தாராளம். சில அட்டைகளுக்குப் பாதி விலை கூடக் குறைப்பார்கள். அங்கே அச்சிட்ட விலைக்கும் கொள்முதல் விலைக்கும் நடுவே எக்கச்சக்க இடம் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படிப்பட்ட மருந்தில் தள்ளுபடி எத்தனை சதவீதம் என்று பார்ப்பதைவிட, அதே மருந்து, அதே அளவு, வேறு கம்பெனியில் என்ன விலை என்று கேட்பதுதான் புத்திசாலித்தனம். வேறு கம்பெனிக்கு மாற்றுவதானால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அச்சிட்ட விலையே கடைசி வார்த்தை என்றும் நினைக்க வேண்டாம். கம்பெனி புது விலைப் பட்டியல் அனுப்பியிருந்தால், அட்டையில் உள்ள விலை, பட்டியல் விலை இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் விற்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு வரி பன்னிரண்டிலிருந்து ஐந்து சதவீதமாக இறங்கியது. நம் கணக்கிலுள்ள அட்டையின் பழைய சரக்கில் 129 ரூபாய் 92 காசு என்று இருக்கும், ஆனாலும் 121.80-க்கு மேல் வாங்கக் கூடாது. "பழைய ஸ்டாக்கும்மா" என்ற பதில் செல்லாது.

சில்லறையாக வாங்கும்போதுதான் நாம் ஏமாறுகிறோம். பதினைந்து மாத்திரை அட்டை 30 ரூபாய் 60 காசு என்றால் ஒன்று 2 ரூபாய் 4 காசு. நாலுக்கு 8 ரூபாய் 16 காசு. கடைக்காரர் பத்து ரூபாய் என்பார். அட்டையை வெட்டினால் மீதி பதினொன்றும் தேங்கும், காலாவதியானால் மொத்த வியாபாரி வெட்டிய அட்டையைப் பெரும்பாலும் திரும்ப எடுக்கமாட்டார் என்பது அவர் கஷ்டம். நியாயம்தான். ஆனாலும் விகிதப்படி வருவதற்கு மேல் சில்லறைக்கு வாங்க உத்தரவில் இடமில்லை. வெட்டித் தரும் துண்டில் காலாவதித் தேதி இல்லையென்றால், மீதி அட்டையைக் காட்டச் சொல்லிப் பார்த்து, பில்லில் தேதியையும் பேட்ச் நம்பரையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.