399 ரூபாய் பிளானுக்கு எவ்வளவு கட்ட வேண்டும்?

பிராட்பேண்ட் கம்பெனிகள் தங்கள் விற்பனையாட்களுக்கு ஒரு ஸ்லைடு தொகுப்பு தருவது வழக்கம். பிளான்கள், விலைகள், சலுகைகள் எல்லாம் அதில் வண்ணமயமாக இருக்கும். அதை வாடிக்கையாளர் கையில் கொடுக்கும் ஒரு பக்க ஒப்பீட்டுத் தாளாக மாற்றச் சொன்னால், சுருக்கி எழுதினால் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் சுருக்கும் இடத்தில்தான் தவறான தகவல் நுழைகிறது.

பேச்சுக்கு ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு ஸ்லைடுகள், மூன்று பிளான்கள். மூன்றாம் ஸ்லைடில் கொட்டை எழுத்தில் ‘மாதம் ரூ. 399 முதல்’ என்று இருக்கிறது, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அந்த நட்சத்திரத்துக்கான விளக்கம் பத்தாம் ஸ்லைடின் அடியில் பொடி எழுத்தில் வருகிறது: ஓராண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே செலுத்துவோருக்கு மட்டும், ஜிஎஸ்டி தனி. மாதாமாதம் கட்டுபவருக்கு அதே பிளான் 499 ரூபாய் என்பது ஆறாம் ஸ்லைடில் இருக்கிறது. ஆக, 399 ரூபாயை யாரும் ஒரு மாதத்துக்கென்று கட்டப்போவதில்லை. தாளில் எழுத வேண்டியது இப்படி: ‘மாதாமாதம் கட்டினால் 499 ரூபாய். ஓராண்டுக்குச் சேர்த்துக் கட்டினால் 4,788 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி.’

4,788 என்ற எண் எந்த ஸ்லைடிலும் இல்லையே என்று கேட்கலாம். ஸ்லைடில் உள்ள 399-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் வருவது அது. புதிதாக எதையும் நாம் சேர்க்கவில்லை. ஜிஎஸ்டி விஷயம் வேறு. இணையச் சேவைக்கு வரி 18 சதவீதம். அதைச் சேர்த்தால் 5,649 ரூபாய் 84 காசு. வாடிக்கையாளருக்கு உண்மையில் வேண்டிய எண் அதுதான். ஆனாலும் வரி விகிதத்தை ஸ்லைடு சொல்லாதபோது, தாள் எழுதுபவர் தன் பொது அறிவிலிருந்து அதை நிரப்பக்கூடாது. கம்பெனியிடம் சொல்லி முதலில் ஸ்லைடில் ஏற்ற வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள்: 499-க்குப் பக்கத்தில் நட்சத்திரமே இல்லை. அது வரியோடு சேர்த்த விலையா, வரி தனியா? ஸ்லைடைப் பார்த்துச் சொல்ல முடியாது. ‘வரி பற்றிக் குறிப்பிடப்படவில்லை’ என்று எழுதிவிட்டு, கேட்க வேண்டிய கேள்விகளில் முதலாவதாக அதைச் சேர்க்க வேண்டும்.

‘அன்லிமிடெட்’ என்ற சொல்லும் இதே ரகம்தான். நான்காம் ஸ்லைடில் அது மட்டும் பளிச்சென்று இருக்கும். மாதம் 3,300 ஜிபி தாண்டினால் வேகம் 2 எம்பிபிஎஸ் ஆகக் குறையும் என்பது மறுபடியும் பத்தாம் ஸ்லைடில்தான். இரண்டையும் ஒரே வரியில் வைத்தால் போதும். ‘ஒரு குடும்பத்துக்கு இது தாராளம்’ என்று நல்லெண்ணத்தில் ஒரு வரி சேர்க்கக் கை பரபரக்கும். ஸ்லைடு அப்படிச் சொல்லவில்லை, வேண்டாம். ‘100 எம்பிபிஎஸ் வரை’ என்பதிலுள்ள ‘வரை’யை இடம் போதவில்லை என்று வெட்டுவதும் கூடாது. அதை வெட்டினால் கம்பெனி தராத வாக்குறுதியை நாம் தந்தவர்களாகிவிடுவோம்.

என்னைக் கேட்டால், மிகவும் ஏமாற்றுவது காலிக் கட்டம்தான். லேண்ட்லைன் வசதிக்கு இரண்டு பிளான்களில் டிக் போட்டிருக்கிறார்கள், முதல் பிளானில் கட்டம் காலி. ‘கிடையாது’ என்று எழுதவே தோன்றும். ஸ்லைடு தயாரித்தவர் டிக் போட மறந்திருக்கலாம், அல்லது தனிக் கட்டணத்தில் அந்த வசதி கிடைக்கலாம். எழுதத்தக்கது ‘குறிப்பிடப்படவில்லை’ மட்டுமே.

சில நேரம் ஸ்லைடுகளே ஒன்றோடொன்று முரண்படும். ஐந்தாம் ஸ்லைடு ‘இன்ஸ்டலேஷன் இலவசம்’ என்கிறது, பதினொன்றாம் ஸ்லைடு 1,000 ரூபாய் என்கிறது. வாடிக்கையாளருக்குச் சாதகமானதை எழுதினாலும் தவறு, கம்பெனிக்குச் சாதகமானதை எழுதினாலும் தவறு. ஸ்லைடு தயாரித்த பிரிவிலிருந்து பதில் வரும்வரை தாளை அச்சுக்கு அனுப்பக்கூடாது.

சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. வேலைப் பிரதியில் ஒவ்வொரு கட்டத்துக்கும் அருகே ஸ்லைடு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். எண் போட முடியாத கட்டம் நம் கற்பனையிலிருந்து வந்தது. அதன்பின், தாள் எழுதாத வேறொருவர் எதிர்த்திசையில் போக வேண்டும்: ஸ்லைடுகளில் உள்ள ஒவ்வொரு நட்சத்திரத்தையும் எடுத்து, அந்த நிபந்தனை தாளில் இருக்கிறதா என்று தேட வேண்டும். முதல் சோதனை கூடுதலாகச் சேர்ந்ததைக் காட்டும், இரண்டாவது விட்டுப்போனதைக் காட்டும். ‘அதிகம் விற்பனையாகும் பிளான்’ என்ற ரிப்பன் தாளுக்கு வரவேண்டியதில்லை. பிளானில் என்ன கிடைக்கும் என்று அது எதையும் சொல்வதில்லை. ஸ்லைடு தொகுப்பின் தேதி மட்டும் கட்டாயம் வர வேண்டும்.

இப்படித் தயாரான தாளில் இரண்டு மூன்று இடங்களில் ‘குறிப்பிடப்படவில்லை’ என்று இருக்கும். கம்பெனிக்காரர்களுக்கு அது பிடிக்காது. உங்கள் கைக்கு அப்படியொரு தாள் வந்தால், பணம் கட்டுவதற்கு முன் அந்த இடங்களைக் காட்டி, பதிலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.