நஷ்டம் இல்லை, ஆனாலும் ‘உயர்’: உள் தணிக்கை அறிக்கையில் ஒரு குறை எழுதப்படும் விதம்

உள் தணிக்கை அறிக்கை மேசைக்கு வந்ததும் துறைத் தலைவரின் கண் முதலில் போவது ஒவ்வொரு குறைக்கும் எதிரே இருக்கும் தரத்துக்குத்தான்: உயர், நடுத்தரம், குறைவு. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலகளாவிய உள் தணிக்கைத் தரநெறிகள், குறைகளை அவற்றின் முக்கியத்துவப்படி வரிசைப்படுத்தச் சொல்கின்றன. அதற்கான முறையைத் தலைமைத் தணிக்கையாளர் வகுக்க வேண்டும். எத்தனை படிகள் என்பது அந்தந்த நிறுவனத்தின் விருப்பம். ஆனால் எந்தப் படிக்கு என்ன பொருள் என்பதைத் தணிக்கை தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். குறையைக் கண்டபிறகு அளவுகோலைத் தேடினால் பேரம்தான் நடக்கும்.

ஒரு நூற்பாலையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்தில் உதிரிபாகங்களுக்குப் பணம் கொடுத்த பில்களில் 60 எடுத்துப் பார்க்கிறார்கள். ஆலையின் விதிப்படி கொள்முதல் ஆணை, சரக்கு வரவுச் சீட்டு, பில் மூன்றும் ஒத்துப்போன பிறகே பணம் கொடுக்க வேண்டும். 7 பில்களில் வரவுச் சீட்டு இல்லை. அவற்றில் 5 பில்களுக்குரிய சரக்கு வாயில் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. மீதி 2 பில்களுக்கு அதுவும் இல்லை. இரண்டும் ஒரே விற்பனையாளருடையவை, மொத்தம் 3,10,000 ரூபாய். கணினியில் பார்த்தால், அந்த இரண்டையும் பதிந்ததும் ஒப்புதல் கொடுத்ததும் ஒரே பயனர் கணக்கு.

இளம் தணிக்கையாளரின் முதல் வரைவு பெரும்பாலும் இப்படி வரும்: “கணக்குப் பிரிவின் அலட்சியத்தால் வராத சரக்குக்குப் பணம் கொடுக்கப்பட்டுள்ளது.” இந்த ஒரு வாக்கியத்தில் நிரூபிக்கப்படாத கூற்றுகள் இரண்டு. அலட்சியம் என்பது மனநிலை. ஏடுகளில் அதற்குச் சான்று கிடையாது. ‘வராத சரக்கு’ என்பதோ இன்னும் ஆபத்தானது. தணிக்கையாளருக்குத் தெரிந்ததெல்லாம், வந்ததற்கான பதிவு இல்லை என்பது மட்டுமே. விற்பனையாளர் நாளையே லாரி ரசீதைக் கொண்டுவந்து காட்டினால் அந்த வாக்கியத்தோடு அறிக்கை முழுவதும் நம்பிக்கையை இழக்கும்.

திருத்திய வாசகம் இப்படி இருக்கலாம்: “பரிசோதித்த 60 பில்களில் 7 பில்களுக்குச் சரக்கு வரவுச் சீட்டு இல்லாமல் பணம் கொடுக்கப்பட்டுள்ளது. இவற்றில் 2 பில்களுக்கு (ரூ.3,10,000) வாயில் பதிவேட்டிலும் பதிவு இல்லை. இந்த இரண்டையும் பதிவு செய்ததும் ஒப்புதல் அளித்ததும் ஒரே பயனர் கணக்கு.” ‘பல’, ‘அடிக்கடி’, ‘மிகவும்’ எதுவும் இல்லை. ஆள் பெயர் இல்லை. ‘மோசடி’ என்ற சொல்லும் இல்லை. அந்தச் சந்தேகம் வலுத்தால் அது தணிக்கைக் குழுவுக்குத் தனியே போக வேண்டும், வழக்கமான அறிக்கைக்குள் வரக் கூடாது. நடுநிலை என்றால் மழுப்புவது என்று சிலர் நினைத்து, “சில ஆவணங்களில் மேம்பாடு தேவை” என்று எழுதிவிடுகிறார்கள். வசைச்சொல்லைவிட அது மோசம். படிப்பவருக்கு ஒன்றுமே தெரியாமல் போகிறது.

இனி தரம். வாயில் பதிவேட்டில் இருந்த 5 பில்கள் மட்டுமே என்றால் ‘நடுத்தரம்’ போதும். ஒரு சோதனை தவறினாலும் சரக்கு வந்ததை இன்னொரு ஏடு காட்டுகிறது. மற்ற 2 பில்களில் வரவுச் சீட்டும் வாயில் பதிவும் ஒருசேர இல்லை; இரண்டாவது ஆளின் கண்ணும் படவில்லை. ஆலைக்கு 3,10,000 ரூபாய் பெரிய தொகை இல்லைதான். ஆனால் அதே வழியாக 30 லட்சம் ரூபாய் பில்லும் போகலாம், தடுக்க எதுவும் இல்லை. ஆகவே ‘உயர்’.

இந்த இடத்தில்தான் மேலாளர் கேட்பார்: “நஷ்டம் ஒன்றும் ஆகலையே, எதுக்கு உயர்?” அவர் கேட்பது நியாயமான கேள்வி, அறிக்கையே அதற்குப் பதில் சொல்ல வேண்டும். ‘ஒரே கணக்கில் இரண்டு அதிகாரமும் இருப்பதால், சரக்கு வராமலேயே எந்தத் தொகைக்கும் பணம் போக வாய்ப்புள்ளது’ என்று விளைவை ஒரு வரியில் எழுதிவிட்டால், வாதம் தரத்தை விட்டு அதிகாரப் பகிர்வுக்கு நகரும். கண்டது ஒரு பத்தியிலும் தரம் இன்னொரு மூலையிலும் இருந்து, இடையில் இந்த வரி இல்லாமல் போவதே நான் அறிக்கைகளில் அதிகம் பார்க்கும் குறை.

இறுதிக் கூட்டத்துக்கு முன் ஸ்டோர்ஸ் பிரிவு லாரி ரசீதுகளைக் கொண்டுவருகிறது என்று வைத்துக்கொள்வோம்: பேரிங்குகள் இரவில் நேராக ஸ்பின்னிங் பகுதிக்குள் இறங்கியிருக்கின்றன. அப்போது, சரக்கு வந்ததை ரசீதுகள் காட்டுகின்றன என்பதை அறிக்கையில் சேர்த்தே ஆக வேண்டும். தரம் மாறாது, ஏனென்றால் அந்தப் பயனர் கணக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. அதிகாரத்தைப் பிரிக்கும் பொறுப்பு எந்தப் பதவிக்கு, எந்தத் தேதிக்குள் என்பது நிர்வாகத்தின் பதிலில் வரும். அந்தத் தேதிக்குப் பின் வரும் பில்களில் புதிதாகச் சில எடுத்துப் பார்த்து, பதிந்தவரும் ஒப்புதல் கொடுத்தவரும் வேறு வேறு என்று உறுதியான பிறகே குறை முடித்துவைக்கப்படும்.