எத்தனை முறை எண்ணினோம்?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: பிரிட்டனின் தேசிய லாட்டரியில் முன்பு 49 எண்களில் ஆறைக் குறிக்க வேண்டியிருந்தது. மொத்தம் எத்தனை வாய்ப்புகள் என்று எக்செல்லில் பார்த்தால், ஒரு சூத்திரம் ஆயிரம் கோடிக்கு மேல் காட்டுகிறது, இன்னொன்று ஒன்றரைக் கோடியைக்கூடத் தொடவில்லை. எதை நம்புவது?

```
=PERMUT(49,6)    10068347520
=COMBIN(49,6)    13983816
```

இரண்டுமே சரியான விடைகள்தான், ஆனால் வெவ்வேறு கேள்விகளுக்கு. முதல் பந்து 49 விதமாக வரலாம், அடுத்தது 48 விதமாக, இப்படியே ஆறாவது 44 விதமாக. இவற்றைப் பெருக்கிக் கிடைப்பது PERMUT. பந்துகள் எந்த வரிசையில் வந்தன என்பதையும் அது கணக்கில் வைக்கிறது. சீட்டில் ஆறு எண்களைக் குறித்தவருக்கு அந்த வரிசையால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அவருக்குரியது COMBIN. பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்தால் மிச்சமில்லாமல் 720 வருகிறது. பள்ளியில் படித்த 6!, அதாவது ஆறின் காரணீயப் பெருக்கம்.

இந்த வகுத்தலைத்தான் பலரும் மனப்பாடமாகத் தாண்டிப் போகிறார்கள். எனக்குப் பிடித்த இடமே அதுதான்.

கல்யாண வரவேற்பில் 49 நண்பர்கள் வந்திருக்கிறார்கள், மேடையில் ஆறு பேருக்குத்தான் இடம் என்று வைத்துக்கொள்வோம். புகைப்படக்காரர் எந்த ஆறு பேர் ஏறினாலும், அவர்களை எல்லா விதமாகவும் இடம் மாற்றி நிறுத்திப் படம் எடுக்கிறார். ஒரே ஆறு பேர் இருக்கும் படங்களெல்லாம் ஓர் ஆல்பத்தில் சேரும். PERMUT எண்ணுவது படங்களை, COMBIN எண்ணுவது ஆல்பங்களை. ஆல்பத்துக்கு 720 படம். ஒரு படம் அரை மில்லிமீட்டர் கனம் என்றால், ஓர் ஆல்பம் 36 சென்டிமீட்டர் உயரம் வரும். எல்லா ஆல்பங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஐயாயிரம் கிலோமீட்டரைத் தாண்டும். அந்த அடுக்கில் ஒரே ஒரு ஆல்பத்துக்குத்தான் முதல் பரிசு.

வகுத்தல் பலித்ததற்குக் காரணம் ஒன்றே: எல்லா ஆல்பங்களும் ஒரே கனம். எந்த ஆறு பேரை எடுத்தாலும் படங்கள் 720தான், ஒன்று கூடாது, ஒன்று குறையாது. வட்ட மேசையைச் சுற்றி ஆறு பேர் உட்காரும் கணக்கிலும் இதே நியாயம் செல்லும். PERMUT(6,6) கொடுப்பது 720. யாருக்கு வலப்பக்கத்தில் யார் என்பது மட்டும் முக்கியமென்றால், எல்லோரும் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாலும் அது அதே அமைப்புதான். ஒவ்வொரு அமைப்பும் ஆறு முறை எண்ணப்பட்டிருக்கிறது, ஆகவே 120. வாசலைப் பார்த்த நாற்காலி தலைவருடையது என்று நாற்காலிகளுக்கே அடையாளம் இருந்தால் வகுக்கவே கூடாது.

வரலாற்றுக்கு ஒரு பத்தி போதும். ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர், வாசனைப் பொருள்கள் பதினாறில் நான்கைக் கலக்க 1820 வழிகள் என்று பிருகத் சம்ஹிதையில் எழுதினார், அது COMBIN(16,4). 1150இல் பாஸ்கரர் லீலாவதியில், திருமாலின் நான்கு கைகளில் நான்கு ஆயுதங்களை மாற்றிப் பிடிக்க 24 வழிகள் என்றும், சிவனின் பத்துக் கைகளுக்கு 36,28,800 வழிகள் என்றும் கணக்கிட்டார், அது PERMUT. வேறுபாடு அப்போதே தெளிவாக இருந்தது.

மீண்டும் லாட்டரி. 2015 அக்டோபரில் அந்த லாட்டரி 49 எண்களை 59 ஆக்கியது. பத்தே பந்துகள் கூடுதல் என்று கேட்டால் சின்ன மாற்றம்போல் இருக்கும். COMBIN(59,6) போட்டுப் பாருங்கள்: 4,50,57,474. முதல் பரிசு மூன்று மடங்குக்கும் மேல் எட்டிப் போய்விட்டது. ‘அடிக்கடி வரும் எண்கள்’ என்று பட்டியல் விற்பவர்களின் பேச்சுக்கும் இந்தக் கணக்கில் இடமில்லை. எந்த ஆறு எண்களும் ஒரே ஓர் ஆல்பம்தான். ஆனால் COMBIN இயந்திரத்தைப் பற்றித்தான் பேசுகிறது, மனிதர்களைப் பற்றி அல்ல. மனிதர்கள் எல்லா எண்களையும் சமமாகக் குறிப்பதில்லை. 1995 ஜனவரி 14 அன்று அதே லாட்டரியில் முதல் பரிசு 133 பேருக்கு ஒரே நேரத்தில் விழுந்தது. ஒன்றரைக் கோடி பவுண்டுக்கு மேலிருந்த தொகை, ஆளுக்கு ஒன்றேகால் லட்சம்கூட இல்லாமல் கரைந்தது.

லாட்டரியைவிடக் குழுக் கணக்கில்தான் ஆட்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். பணியிடங்களில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் இந்தியாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டம், புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. சட்டத்தின் மற்ற நிபந்தனைகளை ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆறு ஆண்கள், நான்கு பெண்கள். நால்வர் குழு, குறைந்தது இரண்டு பெண்கள். எத்தனை வழிகள்?

உடனே தோன்றும் வழி இது: முதலில் இரண்டு பெண்களைத் தேர்ந்தெடுத்து நிபந்தனையை முடித்துவிடலாம், மிச்சமுள்ள எட்டுப் பேரில் யார் வேண்டுமானாலும் இருவர்.

```
=COMBIN(4,2)*COMBIN(8,2)    168
```

பார்க்கக் குறையே தெரியாத சூத்திரம், ஆனால் விடை தவறு. இங்கே படம் எப்படி எடுக்கப்படுகிறது என்று பாருங்கள். முதலில் தேர்வான இரு பெண்களும் முன்வரிசையில் உட்காருகிறார்கள், அடுத்து வந்த இருவரும் பின்னால் நிற்கிறார்கள். குழுவில் இரண்டு பெண்கள்தான் என்றால் ஒரே படம்தான் சாத்தியம். மூன்று பெண்கள் என்றால் அவர்களில் எந்த இருவர் உட்காருவது என்பதில் மூன்று படங்கள் வந்துவிடும். நால்வரும் பெண்கள் என்றால் ஆறு படங்கள். ஆக, ஆல்பங்களின் கனம் இப்போது ஒன்றுபோல் இல்லை. 168ஐ எந்த எண்ணால் வகுத்தாலும் ஆல்பங்களின் எண்ணிக்கை கிடைக்காது.

செய்ய வேண்டியது, பெண்களின் எண்ணிக்கைப்படி குழுக்களைப் பிரித்துவிட்டு ஒவ்வொன்றையும் ஒரு முறை மட்டும் எண்ணுவது. இரண்டு பெண்கள் உள்ள குழுக்கள் 90, மூன்று பெண்கள் உள்ளவை 24, நால்வரும் பெண்களானது 1.

```
=COMBIN(4,2)*COMBIN(6,2)+COMBIN(4,3)*COMBIN(6,1)+COMBIN(4,4)    115
```

தவறான விடை எங்கிருந்து வந்தது என்பதும் இதிலேயே தெரிந்துவிடுகிறது: 90ஐ ஒரு முறையும், 24ஐ மூன்று முறையும், 1ஐ ஆறு முறையும் எண்ணிக் கூட்டினால் அதே 168.

எக்செல் இந்தத் தவறைக் காட்டிக் கொடுக்காது. COMBIN(6,49) என்று எண்களை இடம் மாற்றிப் போட்டால் #NUM! என்று மறுக்கும். 6.9 என்று கொடுத்தாலோ, சத்தமில்லாமல் 6 ஆக வெட்டிக்கொள்ளும். எண்ணும் முறை சரியா என்று கேட்க அதனிடம் வழியில்லை. அதை நாம்தான் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். பத்துப் பேரில் நால்வர், நிபந்தனையே இல்லாமல் 210 குழுக்கள். பெண்களே இல்லாதவை 15, ஒரே ஒரு பெண் உள்ளவை 80. இரண்டையும் கழித்துவிடுங்கள்.

```
=COMBIN(10,4)-COMBIN(6,4)-COMBIN(4,1)*COMBIN(6,3)    115
```