யூடியூபின் டிரெண்டிங் பக்கமும் தனிநபர் முகப்பும்

யூடியூபில் 2025 ஜூலை வரை இருந்த டிரெண்டிங் பட்டியலை மக்கள் விருப்பத்திற்குச் சான்றாகக் காட்டும் ஆய்வுகள், அது எவ்வாறு உருவானது என்பதைப் பெரும்பாலும் ஆராய்வதில்லை. முகப்புப் பக்கம் ஒருவர் முன்னர்ப் பார்த்தவற்றைக் கொண்டு அவருக்கென அமைவது. இருவருடைய முகப்பு ஒன்றுபோல் இராது. டிரெண்டிங் பட்டியலோ ஒரு நாட்டினர் அனைவருக்கும் பொதுவாக இருந்தது. இந்தியாவில் மட்டும் அது ஒன்பது மொழிகளுக்குத் தனித்தனியே அமைந்தது.

அதில் இடம்பெறப் பார்வை எண்ணிக்கை மட்டும் போதவில்லை. பார்வை பெருகும் வேகம், யூடியூபுக்கு வெளியிலிருந்து வரும் பார்வைகள், காணொலி வெளியாகிக் கழிந்த காலம் ஆகியனவும் கணக்கில் கொள்ளப்பட்டன. இவற்றினும் கவனிக்கத்தக்கது, அதே அலைவரிசையின் அண்மைக்காலக் காணொலிகளோடு செய்யப்பட்ட ஒப்பீடு. நாள்தோறும் 5 லட்சம் பார்வை பெறும் அலைவரிசைக்கு மீண்டும் 5 லட்சம் கிடைப்பது இயல்பே. வழக்கமாக 5,000 பெறும் அலைவரிசைக்குத் திடீரென 2 லட்சம் கிடைப்பின், அக்காணொலி முன்னதற்கு மேலே நின்றிருக்கவும் கூடும். விளம்பரத்தால் வந்த பார்வைகள் சேர்க்கப்படவில்லை.

பட்டியல் ஏறத்தாழ 15 நிமிடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டது. ஆதலின் நாளும் நேரமும் மொழியும் குறிக்கப்படாத திரைப்பதிவு, ஒரு காணொலி என்றோ ஒரு கால்மணிப்பொழுதில் அவ்விடத்தில் நின்றது என்பதை மட்டுமே காட்டும்.